ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை கிராம் உப்பு?

கேள்வி: பாஸ்தா, உருளைக்கிழங்கு, முட்டை இதெல்லாம் வேகவைக்கும்போது ஒரு லிட்டர் தண்ணிக்கு எவ்வளவு உப்பு போடணும்? கடல் தண்ணி மாதிரி இருக்கணும்னு சிலர் சொல்றாங்க, ஒரு சிட்டிகை போதும்னு சிலர் சொல்றாங்க. உப்பு போட்டா தண்ணி அதிகச் சூடா கொதிக்கும், அதனாலதான் போடறோம்னு வேற சொல்றாங்க. எது சரி?

பதில்:

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். பாஸ்தாவுக்கு லிட்டருக்கு 10 கிராம். சாஸில் ஏற்கெனவே உப்பு தூக்கலாக இருந்தால் 7 கிராம் வரை குறைக்கலாம். தோல் சீவி நறுக்கிய உருளைக்கிழங்குக்கும் அதே 10 கிராம்தான். கிழங்கை முழுசாகத் தோலோடு வேகவைத்தால் உப்பு போட்டாலும் போடாவிட்டாலும் உள்ளே பெரிய வித்தியாசம் தெரியாது. முட்டைக்கு உப்பு தேவையில்லை.

மூன்றும் ஒரே கொதிநீரில்தான் வேகின்றன. ஆனால் பாஸ்தா தண்ணீரைக் குடிக்கிறது. உருளைக்கிழங்கில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது, புதிதாகக் குடிக்க இடமில்லை. முட்டை ஓட்டுக்குள் மூடிக் கிடக்கிறது. உப்பு தனியாக நடந்து உள்ளே போவதைவிடத் தண்ணீரோடு சேர்ந்து போவதுதான் சுலபம். ஆகவே எது எவ்வளவு தண்ணீரை உள்ளே இழுக்கிறது என்று பார்த்தாலே உப்பின் கணக்கு வந்துவிடும்.

பாஸ்தாவில்தான் இந்தக் கணக்கு முக்கியம், அதனால் அதையே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். கடையில் வாங்கும் காய்ந்த பாஸ்தாவில் இருப்பது டூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையும் தண்ணீரும் மட்டும். உப்பு கிடையாது. நாம் இடியாப்ப மாவில் உப்பைப் போட்டே பிசைகிறோம், அதனால் அவிக்கும்போது உப்பைப் பற்றி யோசிப்பதில்லை. பாஸ்தாவுக்கு அந்த வாய்ப்பு மாவிலேயே போய்விட்டது, மிஞ்சியிருக்கும் ஒரே வாய்ப்பு வேகும் தண்ணீர்தான். இதற்கு நேர்மாறான உதாரணம் ஜப்பானின் உடோன் நூடுல்ஸ். அதன் மாவில் உப்பு நிறையவே சேர்த்துப் பிசைவார்கள். அதனால் அதை உப்பில்லாத வெறும் தண்ணீரில் வேகவைப்பார்கள், மாவில் இருக்கும் உப்பில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். ஆகவே 'நூடுல்ஸ் மாதிரிதானே' என்று எல்லாவற்றுக்கும் ஒரே அளவு போடக் கூடாது. பாக்கெட்டில் உப்பு என்று எழுதியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இத்தாலியில் வழக்கமாகச் சொல்லும் அளவு 100 கிராம் பாஸ்தா, 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. ஒன்று, பத்து, நூறு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம். 100 கிராம் காய்ந்த பாஸ்தா வெந்து முடிக்கும்போது சுமார் 220 கிராம் ஆகிறது, அதாவது 120 மில்லி தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 10 கிராம் உப்பு இருந்தால் உள்ளே போவது அதிகபட்சம் 1.2 கிராம். தண்ணீர் போகும் வேகத்தில் உப்பு போகாது என்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே போகும். வெந்த பாஸ்தாவின் எடையில் இது அரை சதவீதம். தனியாக வாயில் போட்டால் 'உப்பு இருக்கிறது, ஆனால் உறைக்கவில்லை' என்று தோன்றும், சாஸ் சேர்ந்ததும் சரியாக இருக்கும்.

இதே கணக்கைக் கடல் தண்ணீருக்குப் போட்டுப் பாருங்கள். கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. 120 மில்லிக்கு 4.2 கிராம். ஒரு நாளைக்கு மொத்தமாகவே 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தட்டு பாஸ்தாவிலேயே, சாஸ் ஊற்றுவதற்கு முன்பே, கிட்டத்தட்ட அது முடிந்துவிடும். சாப்பிடவும் முடியாது. கடல் தண்ணீர் என்று சொல்பவர்கள் யாரும் அளந்து பார்த்துச் சொல்வதில்லை, 'தாராளமாகப் போடு' என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மறுபக்கம் ஒரு சிட்டிகை என்பது அரை கிராம்கூட வராது. அதில் பாஸ்தாவுக்குள் போவது நாக்குக்கே தெரியாத அளவு, போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல அளவு வேண்டுமென்றால், ஆஸ்பத்திரியில் ஏற்றும் சாதாரண சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. பாஸ்தா தண்ணீரும் ஏறக்குறைய அதுதான். கரண்டியில் எடுத்து ஊதி ருசி பார்த்தால் சூப் மாதிரி இருக்க வேண்டும், முகம் சுளிக்க வைக்கக் கூடாது.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒன்று, பத்து, நூறு என்பதை '100 கிராம் பாஸ்தாவுக்கு 10 கிராம் உப்பு' என்று எடுத்துக்கொள்வார்கள். உப்பு சேர வேண்டியது தண்ணீரின் அளவோடு, பாஸ்தாவின் அளவோடு அல்ல. நம் வீட்டுப் பாத்திரத்தில் இரண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி போடும்போது 2 லிட்டர் தண்ணீர் ஊற்ற இடம் இருக்காது, 1 லிட்டர்தான் ஊற்றுவோம் என்று வையுங்கள். பாஸ்தாவைப் பார்த்து 20 கிராம் உப்பைப் போட்டால் தண்ணீர் லிட்டருக்கு 20 கிராம் ஆகிவிடும், ஆளுக்கு 2.4 கிராம் உள்ளே போகும். அது கரிக்கும். தண்ணீரைக் குறைத்தால் உப்பையும் அதே விகிதத்தில் குறைத்துவிடுங்கள், அவ்வளவுதான். குறைந்த தண்ணீரில் பாஸ்தா வேகாது என்றெல்லாம் இல்லை, முதல் இரண்டு நிமிடம் ஒட்டாமல் கிளறிவிட்டால் நன்றாகவே வேகும்.

ஓர் உதாரணத்தை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். 200 கிராம் ஸ்பகெட்டி, 1.5 லிட்டர் தண்ணீர், 15 கிராம் உப்பு. தண்ணீரை அளக்க ஒரு லிட்டர் குடிநீர் பாட்டில் போதும். பாஸ்தா 240 மில்லி தண்ணீரையும் அதோடு 2.4 கிராம் வரை உப்பையும் எடுத்துக்கொள்கிறது. மூடாமல் பத்து நிமிடம் கொதிப்பதில் ஒரு 150 மில்லி ஆவியாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆவி போகும்போது உப்பு போகாது. கடைசியில் பாத்திரத்தில் நிற்பது 1.1 லிட்டர் தண்ணீர், 12.6 கிராம் உப்பு. அதாவது லிட்டருக்கு 11 கிராமுக்குச் சற்று மேல். போட்ட 15 கிராமில் பெரும்பகுதி தண்ணீரோடு கொட்டத்தான் போகிறது, ஆகவே 'இவ்வளவு உப்பையா சாப்பிடுகிறோம்' என்று பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து சாஸில் ஊற்றும் பழக்கம் இருந்தால் கவனம் தேவை. மாவுச்சத்து கலந்த அந்தத் தண்ணீர்தான் சாஸைக் குழையச் செய்து பாஸ்தாவில் ஒட்ட வைக்கிறது, அதனால் ஊற்ற வேண்டியதுதான். 100 மில்லி ஊற்றினால் ஒரு கிராமுக்கு மேல் உப்பு கூடவே வரும். அடுப்பில் சுண்டச் சுண்ட அது இன்னும் தூக்கலாகும். எனவே தக்காளி சாஸுக்கு வழக்கமாகப் போடும் உப்பில் பாதியைப் போட்டு, தண்ணீரை ஊற்றிக் கிளறிய பிறகு மீதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரோம் நகரத்துக் காச்சோ எ பெப்பே என்ற பாஸ்தாவில் சாஸ் என்பதே பெக்கோரினோ சீஸும் மிளகும் இந்தத் தண்ணீரும்தான். செம்மறியாட்டுப் பாலில் செய்யும் அந்தச் சீஸ் நல்ல உப்பு. அந்த மாதிரி சமையலுக்குத்தான் நான் முதலில் சொன்ன 7 கிராம். ஆலிவ் காய், நெத்திலி, பதப்படுத்திய இறைச்சி போட்ட சாஸுக்கும் அப்படியே.

உப்பு குறைந்துபோனால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சாஸ் நாக்கில் பட்டதும் நன்றாக இருக்கும், மெல்ல மெல்ல உள்ளேயிருந்து சப்பென்று மாவு ருசி வரும். சாஸும் பாஸ்தாவும் ஒன்று சேராமல் தனித்தனியாக நிற்கும். அந்த நேரத்தில் மேலே உப்பு தூவினால் சாஸ்தான் கரிக்கும், உள்ளே போகாது, ஏனென்றால் பாஸ்தா குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டது. அதனால்தான் ருசி பார்ப்பதை வடித்த பிறகு வைத்துக்கொள்ளக் கூடாது. வேக இன்னும் மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போதே ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பாருங்கள். கரித்தால் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பில்லாத கொதிநீரை ஊற்றி மீதி நேரம் வேகவிடுங்கள். சப்பென்றிருந்தால் கொஞ்சம் உப்பைச் சேர்க்கலாம், பாதிப் பலனாவது கிடைக்கும். கரிப்பது வெந்து வடித்த பிறகு தெரிந்தால் உப்பே போடாத சாஸ்தான் வழி. குழாயில் அலசினால் மேலே ஒட்டியிருக்கும் உப்பும் மாவும் போகும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், சாஸும் ஒட்டாது.

ரத்த அழுத்தம் காரணமாக உப்பைக் குறைக்க வேண்டியவர்கள் லிட்டருக்கு 5 கிராமில் நிறுத்தலாம். 100 கிராம் பாஸ்தாவுக்கு 0.6 கிராம்தான் வரும். பூண்டு, எலுமிச்சை, மிளகாய், துளசி வகை இலைகள் என்று சாஸைக் கொஞ்சம் காரசாரமாக வைத்துக்கொண்டால் குறை அவ்வளவாகத் தெரியாது.

இனி கொதிநிலை விவகாரம். உப்பு போட்டால் கொதிநிலை உயரும் என்பது உண்மை. ஆனால் லிட்டருக்கு 10 கிராம் போட்டால் உயர்வது சுமார் 0.17 டிகிரி. ஒரு டிகிரி உயர்த்தவே கிட்டத்தட்ட 58 கிராம் வேண்டும், அந்தத் தண்ணீரில் எதையும் வேகவைத்துச் சாப்பிட முடியாது. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அங்கே பாஸ்தா வேக அதிக நேரம் எடுக்கும். அந்த ஏழு டிகிரிக்கு முன்னால் இந்த 0.17 எந்த மூலைக்கு? சரி, கொதிக்கப் போகும் தண்ணீரில் உப்பைப் போட்டதும் திடீரென்று பொங்குகிறதே என்று கேட்பீர்கள். உப்புக் கற்களின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு ஒரே சமயத்தில் நிறையக் குமிழிகள் உருவாகின்றன, அதுதான் அந்தப் பொங்கல். சில நொடிகளில் அடங்கிவிடும், சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுப்பிலிருந்து முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு போட்டால் சரி.

முன்னாடியே போடலாமா, கொதித்த பிறகா என்றால் ருசிக்கு இரண்டும் ஒன்றுதான், பாஸ்தா விழுவதற்கு முன் கரைந்திருந்தால் போதும். பாத்திரத்துக்குத்தான் வித்தியாசம். எவர்சில்வர் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி உப்பைப் போட்டுக் கிளறாமல் விட்டால், கரையாமல் அடியில் கிடக்கும் உப்பு நாளடைவில் புள்ளி புள்ளியாகக் குழி விழ வைக்கும். தேய்த்தாலும் போகாது. ஆகவே கொதித்த பிறகு போடுங்கள், அல்லது போட்டதும் கிளறிவிடுங்கள்.

எந்த உப்பு என்பது முக்கியமில்லை, கிராம்தான் முக்கியம். தண்ணீரில் கரைந்த பிறகு தூத்துக்குடிக் கல் உப்பும் விலை உயர்ந்த இளஞ்சிவப்பு உப்பும் ஒன்றுதான், பாஸ்தா தண்ணீரில் விலை உயர்ந்த உப்பைப் போடுவது காசைச் சாக்கடையில் கொட்டுவது. இத்தாலிய வீடுகளிலும் இதற்குக் கல் உப்புதான் வைத்திருப்பார்கள். ஆனால் ஸ்பூன் கணக்கு உப்புக்கு உப்பு மாறும். பொடி உப்பு ஒரு டீஸ்பூன் தலை தட்டி எடுத்தால் சுமார் 6 கிராம் வரும், ஒன்றே முக்கால் ஸ்பூன் போட்டால் 10 கிராம். கல் உப்பில் கற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் அதே ஸ்பூனில் எடை குறையும், எவ்வளவு குறையும் என்பது கல்லின் அளவைப் பொறுத்தது. சமையலறைத் தராசு இருந்தால் உங்கள் வீட்டு உப்பை உங்கள் வீட்டு ஸ்பூனில் ஒரே ஒரு தடவை நிறுத்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்குக்கு வருவோம். கிழங்கின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு ஏற்கெனவே தண்ணீர். அது வேகும்போது புதிதாகத் தண்ணீரை இழுப்பதில்லை, அதனால் உப்பு வெளியிலிருந்து மெதுவாகப் பரவித்தான் உள்ளே போக வேண்டும். கால் மணி, இருபது நிமிடத்தில் அது போகும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். எனவே இங்கே உப்பின் அளவைவிடத் துண்டின் அளவுதான் முக்கியம். தோல் சீவி 2 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, லிட்டருக்கு 10 கிராம் உப்புத் தண்ணீரில் வேகவைத்தால் ஒவ்வொரு துண்டிலும் நல்ல பகுதிக்கு உப்பு ஏறிவிடும். மசிப்பதாக இருந்தால் இன்னும் நல்லது, ஓரத்து உப்பும் நடுவில் இருக்கும் சப்பும் கலந்து சமமாகிவிடும். பெரிய கிழங்கை அப்படியே போட்டால் ஓரம் மட்டும் உப்பாக இருக்கும், நடு அப்படியே சப்பென்று இருக்கும். பாஸ்தாவைப் போலக் கொதித்த தண்ணீரில் போடாமல் பச்சைத் தண்ணீரிலேயே கிழங்கைப் போட்டு ஏற்றுங்கள். கொதிநீரில் போட்டால் நடு வேகும் முன்னே ஓரம் குழைந்துவிடும்.

தோல் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி ஸ்பெயினின் கேனரி தீவுகளில் இருக்கிறது. அங்கே பாப்பாஸ் அர்ருகாதாஸ் என்று ஒரு பதார்த்தம். சின்னச் சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு கடுமையான உப்புத் தண்ணீரில் வேகவைப்பார்கள், முன்பெல்லாம் கடல் தண்ணீரிலேயே செய்தார்களாம். வெந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பாத்திரத்தில் கிழங்கை மறுபடி அடுப்பில் வைத்து உலர்த்துவார்கள். தோல் சுருங்கி, மேலே வெள்ளையாக உப்பு பூத்து நிற்கும். அதை மோஹோ என்ற காரச் சட்னியோடு தோலைச் சேர்த்தே சாப்பிடுவார்கள். இவ்வளவு உப்பில் வெந்தும் உள்ளே இருக்கும் கிழங்கு கரிப்பதில்லை.

இதிலிருந்து நம் வீட்டுக்கு ஒரு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். பூரி மசாலாவுக்குக் குக்கரில் தோலோடு வேகவைக்கும் கிழங்குக்கு உப்பு போடுவது வீண். தட்டில் வைத்து ஆவியில் வேகவைத்தால் கேட்கவே வேண்டாம், ஆவியில் உப்பு ஏறாது. உரித்து மசித்த பிறகு மசாலாவில் போடும் உப்புதான் வேலை செய்யும். பொரியலுக்கு நறுக்கிய துண்டுகளை முன்கூட்டியே வேகவைத்து எடுப்பதாக இருந்தால் மட்டும் தண்ணீரில் உப்பு போடுங்கள்.

முட்டையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓட்டில் நுண்துளைகள் உண்டு, அதற்குள் ஒரு சவ்வும் உண்டு. பத்து நிமிடத்தில் அதைத் தாண்டி நாக்குக்குத் தெரியும் அளவு உப்பு போகாது. சீனாவில் வாத்து முட்டையை உப்பு முட்டையாக்க மிகக் கெட்டியான உப்புக் கரைசலில் வாரக்கணக்கில் ஊற வைக்கிறார்கள் என்பதை நினைத்தால் பத்து நிமிடம் எவ்வளவு குறைவு என்று புரியும். உப்பு உதவுவது ஒரே இடத்தில். ஓட்டில் விரிசல் விழுந்து வெள்ளைக்கரு கசிந்தால், உப்புத் தண்ணீரில் அது சட்டென்று இறுகி விரிசலை அடைக்கும். அதற்கும் லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் வினிகர் ஊற்றுவது இன்னும் நன்றாக வேலை செய்யும்.

உரிக்கச் சுலபமாக இருக்கும் என்று உப்பு போடுபவர்கள் நிறைய. உரிபடுவதைத் தீர்மானிப்பது முட்டையின் வயதும் போடும் விதமும்தான். புதுசாக இட்ட முட்டையின் வெள்ளைக்கரு சவ்வோடு இறுக ஒட்டிக்கொள்ளும், ஒரு வாரம் போனால் உள்ளிருந்து கரியமில வாயு வெளியேறிக் காரத்தன்மை கூடி, அந்தப் பிடி தளரும். பச்சைத் தண்ணீரில் போட்டு ஏற்றுவதைவிடக் கொதிக்கும் தண்ணீரில் மெதுவாக இறக்கினால் இன்னும் சுலபமாக உரியும். உப்பை அள்ளிப் போட்டால் வேறொரு தொல்லை வரும். லிட்டருக்கு 100 கிராமைத் தாண்டிப் போனால் நல்ல முட்டையே மிதக்கத் தொடங்கும், மேல் பகுதி தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு சரியாக வேகாது. மிதந்தால் கெட்ட முட்டை என்று தூக்கிப் போடுபவர்கள் அந்தச் சோதனையை வெறும் தண்ணீரில்தான் செய்ய வேண்டும்.